பரீட்சைக்குக் கட்டிய பணம் மீளுமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழகம் புகுந்தோர் இன்னார், புகாதோர் இன்னார் என்பது தெளிவானதும், எம்மூர் வீடுகளில் மற்றொரு கேள்வி எழுகின்றது. வர்த்தகப் பிரிவிற் பயின்ற பிள்ளையைத் தொழில்சார் கணக்கியற் பரீட்சை ஒன்றுக்கு விடலாமா என்பதே அக்கேள்வி. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் வரை காங்கேசன்துறை வீதி நெடுகிலும் காணப்படும் வகுப்பு விளம்பரப் பலகைகள் அக்கேள்விக்கு விடையும் வைத்திருக்கின்றன. ஆயின் விளம்பரப் பலகை சம்பளத்தைத்தான் சொல்லும், செலவைச் சொல்லாது. செலவையும் வரவையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராய எண்ணுகின்றோம்.

இலங்கையில் இத்துறையில் நாடறிந்த பரீட்சைகள் நான்கு. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சை ஒன்று. 1987இல் தொடங்கிய கணக்கீட்டு நுட்பவியலாளர் கழகத்தின் ஏ.ஏ.ரி. பரீட்சை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கட்டணம் ரூபாவிலே செலுத்தலாம். எஞ்சிய இரண்டும் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. 1904இல் இலண்டனில் தோன்றிய சங்கத்தின் ஏ.சி.சி.ஏ. ஒன்று, 1919இல் தோன்றிய நிறுவகத்தின் சீமா மற்றையது. இவற்றின் கட்டணம் ஸ்ரேர்லிங் பவுணிலேயே விதிக்கப்படுகின்றது. நான்கினுள்ளும் மிகுந்த பணமும் மிகுந்த மயக்கமும் ஏ.சி.சி.ஏ. வழியிலேயே காணப்படுதலால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தந்தையாரின் கணக்கு

செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் வாழையும் செய்து பிள்ளைகளை வளர்த்த தந்தையார் ஒருவர் சில காலத்தின் முன் எம்மிடம் வந்தார். அவர் மகனுக்கு வயது இருபது. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்திய போதிலும் பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. சுன்னாகத்துக் கடையொன்றிற் கணக்கெழுதி மாதம் ஐம்பதினாயிரம் ரூபா பெறுகின்றான்.

“மாஸ்ரர், எல்லாமாகப் பதினாறு இலட்சம் முடியுமாம். முடிச்சுப்போட்டால் மாதம் மூன்று இலட்சம் சம்பளமாம். ஆறு மாதத்திலை போட்ட முதல் வந்திடுமே? தாயின்ரை நகையை அடைவு வைப்பம் எண்டு யோசிக்கிறன்” என்றார்.

அன்னாரின் பெருக்கலிலும் வகுத்தலிலும் யாதொரு பிழையும் இல்லை. பதினாறை மூன்றால் வகுத்தால் ஐந்தரை மாதமளவே வரும். பிழை, எந்த எண்களை எடுத்து வகுப்பது என்பதிலேயே இருந்தது. முதலிற் பதினாறு இலட்சம் என்பது எங்கிருந்து வந்தது எனப் பார்ப்போம்.

நாம் இக்கட்டுரையை எழுதும் இக்காலப் பாடத்திட்டத்தின்படி ஏ.சி.சி.ஏ.யில் 13 தாள்கள் உள. தொடக்க நிலையில் மூன்று, நடுநிலையில் ஆறு, மேல்நிலையில் நான்கு. இவற்றோடு ஒழுக்கநெறிப் பயிற்சி ஒன்றும், 36 மாத வேலை அனுபவமும் வேண்டும். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவன. ஆகவே கணக்கு எளிதில் விளங்குதற்பொருட்டு முழு எண்களாகச் சில தொகைகளை நாமே வைத்துக்கொள்வோம். வாசகர் தமது காலத்துக் கட்டணத்தை அவ்விடங்களிற் பெய்துகொள்க. தொடக்க நிலைத் தாள் ஒன்றுக்கு 90 பவுண், நடுநிலைக்கு 150, மேல்நிலைக்கு 200. ஆண்டுச் சந்தா 130. பதிவுக்கும் ஒழுக்கநெறிப் பயிற்சிக்குமாக 100. ஒரு பவுணுக்கு 400 ரூபா.

பிள்ளை ஒவ்வொரு தாளிலும் முதன்முறையே சித்தியெய்தி நான்கு ஆண்டில் முடிப்பானாயின், பரீட்சைக் கட்டணம் 1,970 பவுண். சந்தாவும் பதிவும் சேர்ந்து 620 பவுண். ஆக 2,590 பவுண், அஃதாவது 10 இலட்சத்து 36 ஆயிரம் ரூபா. தாளொன்றுக்கு வகுப்புக் கட்டணம் 35,000 ரூபாவும் புத்தகச் செலவு 10,000 ரூபாவும் எனக் கொண்டால் மேலும் 5 இலட்சத்து 85 ஆயிரம். இரண்டையுங் கூட்டினால் 16 இலட்சத்து 21 ஆயிரம். தந்தையார் கேள்வியுற்ற தொகை இதுவே. இது பொய்த் தொகை அன்று. ஒரு முறையேனும் தவறாதவனுடைய தொகை. அத்தகையோர் உளர், ஆயின் அவர் சிலரே.

தவறும் தாள்களின் விலை

ஒவ்வொரு தவணையின் பின்பும், எழுதியோரில் நூற்றுக்கு எத்தனை பேர் சித்தியெய்தினர் என்பதை அச்சங்கமே தாள்தோறும் வெளியிடுகின்றது. பணங் கட்டுமுன் ஒவ்வொரு குடும்பமும் படிக்க வேண்டிய பட்டியல் அது. தொடக்க நிலைத் தாள்களிற் பெரும்பாலோர் தேறுகின்றனர். நடுநிலையில் அது பாதியளவுக்கு இறங்குகின்றது. மேல்நிலைத் தாள்களிற் பாதிக்கும் கீழே நிற்பதே வழக்கம்.

இவ்வீதங்களைச் செலவாக மாற்றுவதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு தாளில் ஒவ்வொரு முறையும் இருவருள் ஒருவரே தேறுவராயின், அத்தாளைக் கடப்பதற்குச் சராசரி இரண்டு முறை எழுத வேண்டும். ஐவருள் இருவர் தேறுவராயின் இரண்டரை முறை. அஃதாவது, ஒன்றைத் தேர்ச்சி வீதத்தால் வகுத்தால் வருவது எழுதவேண்டிய முறைகளின் எண்ணிக்கை. ஒருவன் இதனிலும் நன்று செய்யலாம். மற்றொருவன் இதனிலும் தாழலாம். குடும்பக் கணக்குப் போடுவோர்க்குச் சராசரியே முதற்படி.

தொடக்க நிலையில் நால்வருள் மூவர், நடுநிலையில் இருவருள் ஒருவர், மேல்நிலையில் ஐவருள் இருவர் எனக் கொள்வோம். அப்பொழுது மூன்று தாள்களுக்கு நான்கு முறையும், ஆறு தாள்களுக்குப் பன்னிரண்டு முறையும், நான்கு தாள்களுக்குப் பத்து முறையும் எழுத நேரும். 13 தாள்கள் என்றது 26 அமர்வுகளாயிற்று. பரீட்சைக் கட்டணம் 1,970 பவுணிலிருந்து 4,160 பவுணாக உயரும். காலமும் நீளும். ஆண்டுக்கு நான்கு தவணைகள் உளவாயினும், ஒரு தவணையின் பெறுபேறு வந்தபின் அடுத்த தவணைக்குச் சில வாரங்களே எஞ்சும். வேலைக்குச் செல்லும் பிள்ளை எல்லாத் தவணைகளிலும் அமர்தல் அரிது. எனவே ஆறு ஆண்டு எனக் கொண்டால், சந்தாவும் பதிவும் 880 பவுண். மொத்தம் 5,040 பவுண், அஃதாவது 20 இலட்சத்து 16 ஆயிரம் ரூபா. மறுமுறை எழுதுதற்கு வகுப்புக் கட்டணம் யாதுமில்லை என்று வைத்தாலும், மொத்தச் செலவு 26 இலட்சமாகின்றது.

இங்கு எமது பிள்ளைகளுக்குரிய தனித் தடையொன்றையும் கூறாதிருத்தல் தகாது. உயர்தரம் வரை தமிழ்மொழியிற் பயின்ற மாணவர் கணக்குகளிற் பின்னிற்பதில்லை. தொடக்கத் தாள்கள் பெரும்பாலும் தெரிவு வினாக்களும் கணிப்புகளுமாதலால் அவற்றை ஊக்கத்தோடு கடந்துவிடுவர். மேல்நிலையிலோ, ஒரு கம்பனியின் நிலைமையை நீண்ட ஆங்கிலப் பந்திகளில் வாசித்து, அதற்கு ஆலோசனையை ஆங்கிலத்திலே எழுத வேண்டும். அங்கே தடுக்குவது கணக்கியல் அன்று, மொழி. ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, குறித்த நேரத்துள் ஆங்கிலத்தில் விடையெழுதச் செய்து, விடயம் அறிந்த ஒருவரிடம் திருத்துவித்தால் அக்குறை உண்டா இல்லையா என்பது ஒரு மாலையிலே தெரிந்துவிடும். உண்டாயின் முதலிற் செலவிட வேண்டியது ஆங்கிலத்துக்கே.

காலத்துக்கு விலை உண்டா?

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது பழமொழி. படிப்புக்கு வேலையை விட்டுவிடுவோர் விடயத்தில் அஃது அப்படியே பொருந்தும். மாதம் ஐம்பதினாயிரம் பெறும் இளைஞன் வேலையை விட்டு மூன்று ஆண்டு முழுநேரமாகப் படித்தால், இழக்கும் சம்பளம் 18 இலட்சம். இது முதலிற் சொன்ன மொத்தச் செலவையே விஞ்சும். ஆயினும் இதற்குப் பற்றுச்சீட்டு எவரும் தருவதில்லையாதலால் ஒருவர் கணக்கிலும் இது ஏறுவதில்லை.

வேலையோடு படிப்பவனுக்கு இழப்பு வேறு வகையானது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் செலவிடும் மணிகளுக்கு விலை போட வேண்டுமாயின், அந்நேரத்தில் அவன் மெய்யாகவே என்ன சம்பாதித்திருப்பான் என்று கேட்க வேண்டும். இரவிலே இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதி ஊதியம் பெற்றவன் அதனைக் கைவிட்டுப் படிப்பானாயின், அத்தொகையைச் செலவிற் சேர்க்க. மதகடியிலே தோழரோடு பேசியிருந்த பொழுதையே படிப்புக்குக் கொடுத்தானாயின், அதற்கு ரூபாக் கணக்கில்லை.

வேலையை விடாமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. 36 மாத அனுபவம் இன்றி எல்லாத் தாள்களிலும் தேறினும் அங்கத்துவம் கிட்டாது. அவ்வனுபவமும் கணக்கியல் சார்ந்ததாயிருத்தல் வேண்டும். தகைமை பெற்ற கணக்காளர் ஒருவர் அதனைக் கண்காணித்து உறுதிப்படுத்துதல் வேண்டும். எமது தந்தையாரின் மகன் கடையிற் கணக்கெழுதுகின்றான். ஆயின் அக்கடையில் அத்தகைய கணக்காளர் எவரும் இல்லை. ஆகவே அவன் எத்தனை ஆண்டு அங்கே உழைப்பினும் அக்காலம் உறுதிப்படுத்தப்படுதல் அரிது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கணக்காய்வு அலுவலகம் ஒன்றுக்கு, சம்பளம் சற்றுக் குறையினும், இடம் மாறுவது அவனுக்கு இலாபமாகும்.

வரவு என்பது யாது?

இனி மூன்று இலட்சம் சம்பளத்துக்கு வருவோம். படிப்பினால் வரும் வரவு முழுச் சம்பளம் அன்று. படித்தால் பெறுவதற்கும் படியாதிருந்தால் பெற்றிருப்பதற்கும் உள்ள வித்தியாசமே வரவு. ஆறு ஆண்டு கழிந்தபின், படியாதிருப்பினும் அப்பிள்ளை ஐம்பதினாயிரத்திலேயே நிற்கமாட்டான்; அனுபவத்தால் 90,000 பெறுவான் என வைப்போம். அங்கத்துவம் பெற்ற முதலாண்டிற் கொழும்பில் 1,80,000 பெறுவான் எனக் கொள்வோம். மூன்று இலட்சம் என்பது பல ஆண்டு உழைத்தோர் பெறுவது. அதனை முதல் மாதச் சம்பளமாகக் கொள்ளலாகாது.

வித்தியாசம் 90,000. அதனுள், சுன்னாகத்தில் வீட்டிலிருந்து உண்பவன் கொழும்பில் அறையெடுத்து வாழ்வதற்கு மேலதிகமாக 45,000 ஆகும் எனக் கழிக்க. 2025 ஏப்ரல் முதல் மாத வருமானம் 1,50,000 ரூபாவுக்கு மேற்பட்ட பகுதிக்கே வருமான வரி; முதற்படியில் நூற்றுக்கு ஆறு. ஆகவே வரிக்கு ஏறத்தாழ 2,000 கழிக்க. அங்கத்தவரானபின்னும் சந்தா ஓய்வதில்லை, மாணவர் சந்தாவினும் அது கூடியது, அதுவும் பவுணில். அதற்கு மாதம் 9,000 கழிக்க. எஞ்சுவது மாதம் 34,000. ஆண்டுக்கு 4 இலட்சத்து 8 ஆயிரம்.

26 இலட்சத்தை இதனால் வகுத்தால் ஆறு ஆண்டும் ஐந்து மாதமளவும் வரும். சம்பள வித்தியாசம் காலப்போக்கில் விரியும் என்பதும் உண்மையே. மூன்றாம் ஆண்டு முதல் மாத மிச்சம் 80,000 ஆகுமாயின், நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் முதல் மீளும். ஆகவே தந்தையார் ஆறு மாதம் என்றது, நான்கு ஆண்டு முதல் ஆறரை ஆண்டு வரை என்றாயிற்று. அதுவும் படித்து முடித்த நாளிலிருந்து. பிள்ளைக்கு முப்பது கடந்த பின்னரே இலாபம் தொடங்கும். உழைக்கும் காலம் அறுபது வரை உண்டாதலால், முடிக்க வல்லவனுக்கு இது நட்டமான முயற்சி அன்று. ஆனால் அவசரப் பணத்தைப் போடுதற்குரிய முயற்சியும் அன்று.

பவுணை வைத்துப் பவுண் கட்டுதல்

கடன் வாங்கிக் கட்டுவோருக்குக் கணக்கு முற்றும் மாறும். 26 இலட்சமும் கடனாகி, ஆண்டு வட்டி நூற்றுக்குப் பதினைந்து எனின், வட்டி மட்டுமே 3 இலட்சத்து 90 ஆயிரம். மேற்கண்ட ஆண்டு மிச்சமோ 4 இலட்சத்து 8 ஆயிரம். உழைப்பின் பயன் முழுதும் வட்டிக்கே போய், முதல் அப்படியே நிற்கும். நகைப்பவுணை அடைவு வைத்து இங்கிலாந்துப் பவுண் கட்டுவது எத்தகைய வாணிகம் என்பது இதனாற் புலனாகும். மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு, தவணைக்கு ஒன்றோ இரண்டோ தாளாகச் செல்வதே வட்டியில்லா வழி. ஐம்பதினாயிரம் பெறுபவனுக்கு வழி மெதுவாகும். ஆயினும் தாயின் கழுத்து வெறுமையாகாது.

வட்டியைப் போலவே நாணய மாற்றும் ஒரு பகை. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்படுமுன் ஒரு பவுணுக்கு 270 ரூபா அளவில் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அஃது 440 ரூபா அளவுக்கு ஏறிற்று. 200 பவுண் தாளொன்றுக்கு 54,000 ரூபா சேர்த்து வைத்திருந்த மாணவன், மூன்று மாதத்துள் 88,000 ரூபா தேட வேண்டியவனானான். அவன் சம்பளம் ஒரு சதமேனும் ஏறவில்லை. பவுணிற் செலவிட்டு ரூபாவில் உழைப்போர்க்கு இந்த ஆபத்து என்றும் உண்டு. வெளிநாட்டு நாணயத்திற் சம்பளம் பெறுவோர்க்கோ அதே ஏற்றம் நன்மையாய் முடிந்தது.

எனவே, சான்றிதழை எந்நாட்டிற் பயன்படுத்தப் போகின்றோம் என்பது கட்டணக் கணக்குக்கு முற்பட்ட கேள்வியாகும். மத்திய கிழக்குக்கோ இங்கிலாந்துக்கோ செல்ல எண்ணுபவனுக்கு ஏ.சி.சி.ஏ. அங்கே பெயர் அறியப்பட்டது. செலவும் வரவும் வெளிநாட்டு நாணயத்தில் அமையும். யாழ்ப்பாணத்திலே கணக்காய்வு அலுவலகம் திறந்து கம்பனிகளின் கணக்காய்வு அறிக்கையிற் கையொப்பமிட விரும்புபவனுக்கு அச்சான்றிதழ் மட்டும் போதாது. 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம் அவ்வுரிமையை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் அங்கத்தவர்க்கும் பதிவுபெற்ற கணக்காய்வாளர்க்குமே அளிக்கின்றது. உள்ளூரிலே தொழில் நடத்த நினைப்பவன் ரூபாவிற் கட்டணம் வாங்கும் அந்நிறுவகத்தின் வழியிற் செல்வதே முறை. அவ்வழியில் மூன்றாண்டுப் பயிற்சிக் காலத்திற் சிறு கொடுப்பனவும் கிடைக்கும்.

படிப்படியாக விலை கேட்டல்

26 இலட்சம் என்ற தொகையைக் கேட்டு அஞ்சி விலகுவதும், கேளாமலே குதிப்பதும் ஒரே பிழையின் இருபக்கங்கள். ஏனெனில் அத்தொகையை எவரும் ஒரே நாளிற் கட்டுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் நின்று, மேலே செல்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர்க்குச் செலவு வேறு, பயன்படுத்தாதோர்க்கு வேறு.

தொடக்க நிலை மூன்று தாள்களுக்கும், பதிவு, முதலாண்டுச் சந்தா, வகுப்பு யாவற்றுக்குமாக மேற்கண்ட விலைகளின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 70 ஆயிரம் ஆகும். இதனைப் பட்டத்தின் முற்பணம் என்று கருதாமல், பிள்ளையின் ஆற்றலை அறியக் கொடுக்கும் விலை என்று கருத வேண்டும். இதனிலும் மலிவான சோதனையும் உண்டு. ஏ.ஏ.ரி. பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் ரூபாவில். அதனை முடித்தோருக்குப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் தொடக்கத் தாள்கள் சிலவற்றில் விலக்கும் உண்டு. அவர் இடையில் நின்றுவிட்டாலும் கையிலே ஒரு முழுச் சான்றிதழ் இருக்கும். இலண்டன் பரீட்சையில் ஏழாவது தாளோடு நின்றவனுக்கு அப்பரீட்சையின் முழுத் தகைமை கிட்டாது.

விலக்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டமோ வேறு தகைமையோ உடையவர்க்கு ஏ.சி.சி.ஏ. சில தாள்களில் விலக்கு அளிக்கும். ஆயின் விலக்கப்பட்ட ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் அறவிடும். விலக்கினால் மிஞ்சுவது பரீட்சைக் கட்டணம் அன்று. வகுப்புச் செலவும், மறுமுறை எழுதும் அபாயமும், அரையாண்டுக் காலமுமே.

இனி, இவ்வகைக் கணக்கில் யாவரும் இடறும் இடத்துக்கு வருவோம். “இவ்வளவு செலவழித்தாயிற்று, இனி விடுவதா?” என்பது பெற்றோர் வாயில் வரும் பேச்சு. செலவழிந்தது செலவழிந்ததே, மேலே சென்றாலும் அது திரும்பாது, நின்றாலும் திரும்பாது. கேட்க வேண்டிய கேள்வி, இன்றிலிருந்து முடிவு வரை இன்னும் எவ்வளவு ஆகும், அதனால் எவ்வளவு வரும் என்பதொன்றே.

இக்கேள்வி இரு திசையிலும் வெட்டும். தொடக்க நிலைத் தாள்களிலேயே இரண்டு மூன்று முறை தவறியவனுக்கு, 3 இலட்சத்து 70 ஆயிரம் போனாலும், நிற்பதே அறிவு. அவனுக்கு முன்னே 26 இலட்சம் அன்று, அதனிலும் கூடிய தொகை காத்திருக்கின்றது. மறுபக்கத்தில், 11 தாள்களை முடித்து, 22 இலட்சம் செலவிட்டு, மேல்நிலைத் தாள்கள் இரண்டிற் சலித்து நிற்பவனை எண்ணுக. எஞ்சிய இரண்டுக்கும் சராசரி ஐந்து அமர்வுகள். ஓராண்டுச் சந்தாவோடு 1,130 பவுண், அஃதாவது 4 இலட்சத்து 52 ஆயிரம். முடித்தால் ஆண்டுதோறும் வருவது 4 இலட்சத்து 8 ஆயிரம். பதின்மூன்று மாதமளவில் மீளும் முதலீடு இது. முழுக் கணக்கைப் பார்த்து மனங்கசந்து அவன் விடுவானாயின், நல்ல கணக்கையே கைவிட்டவனாவான். அவன் காலந்தாழ்த்தவும் கூடாது. மேல்நிலையில் முதற் தாள் தேறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுக்குள் அந்நிலை முழுவதையும் முடியாதார்க்கு, முன் தேறிய தாள்கள் காலாவதியாகும் விதியொன்று உண்டு.

தந்தையாரோடும் மகனோடும் இவ்வெண்களை ஒன்றொன்றாக எழுதிப் பார்த்தோம். மகன் உள்நாட்டிலேயே தொழில் புரிய விரும்பினான். நகை பெட்டியிலேயே இருந்தது. வேலையை விடாமல் ஏ.ஏ.ரி.யிற் பதிந்தான், கணக்காய்வு அலுவலகத்தில் இடந்தேடவும் தொடங்கினான்.

மற்றையோர்க்கு விடை வேறாகலாம், கேள்விகள் மாறா. ஒரு தாளை எடுத்து, சான்றிதழ் எந்நாட்டில் எவ்வேலைக்கு என்பதை முதலில் எழுதுக. அதன்கீழ், சங்கம் வெளியிட்ட தேர்ச்சி வீதத்தைக் கொண்டு, தாள்களின் எண்ணிக்கையை அமர்வுகளின் எண்ணிக்கையாக மாற்றிச் செலவை எழுதுக. அதன்கீழ், படித்தால் வருவதற்கும் படியாவிடின் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஊர்விட்டு ஊர் வாழும் செலவைக் கழித்து எழுதுக. சம்பளத்தை விளம்பரத்திற் பாராது, அப்பரீட்சையை முடித்து ஓரிரு ஆண்டே ஆன இருவர் மூவரிடமும், இடையிலே விட்ட ஒருவரிடமும் கேட்டறிக. இறுதியில், எந்தத் தாளில் எத்தனை முறை தவறினால் நிறுத்துவது என்பதைப் பணங் கட்டுமுன்னரே எழுதித் தாயும் தந்தையும் பிள்ளையும் அதன்கீழ் ஒப்பமிடுக. தவறிய பின்னர் எழுதப் புகுந்தால் மனம் இடங்கொடாது.